காய்ச்சலோடு உடம்பில் தடிப்பா? எத்தனையாவது நாளில் வந்தது, தொட்டால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்



பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மறுநாள் குளிப்பாட்டலாம் என்று சட்டையைக் கழற்றினால் மார்பிலும் கழுத்திலும் செக்கச் செவேலென்று பொடிப்பொடியாய் ஏதோ போட்டிருக்கிறது. உடனே வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "அம்மை போட்டிருக்கு. மருந்து மாத்திரை கூடாது. தாளிக்காதே" என்பார்கள். வாசலில் வேப்பிலை ஏறிவிடும்.

வேப்பிலை கட்டுவதில் சுகாதாரத் துறைக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. வீட்டில் நோயாளி இருக்கிறார், உள்ளே வராதீர்கள் என்று ஊருக்குச் சொல்ல அதைவிட நல்ல அறிவிப்புப் பலகை கிடையாது. சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. 'அம்மை' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் ஏழெட்டு வேறு வேறு நோய்களை அடக்கிவிடுகிறோம். அவற்றில் பெரும்பாலானவை வைரஸ் கிருமிகளால் வருகிறவை. அவை தம் காலம் முடிந்ததும் தாமே இறங்கும். ஆனால் அந்தக் கும்பலில் ஒன்று மட்டும் வைரஸ் இல்லை. அதன் பெயர் செங்காய்ச்சல், ஆங்கிலப் பெயர் ஸ்கார்லெட் காய்ச்சல். தொண்டையில் தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாக் கிருமியால் வருவது. இதற்கு மருந்து உண்டு. அது மலிவான மருந்து, கட்டாயம் கொடுத்தாக வேண்டிய மருந்து. 'அம்மைக்கு மருந்து கூடாது' என்று சும்மா இருந்துவிட்டால் நஷ்டம் இந்த நோய் கண்ட பிள்ளைக்குத்தான்.

இதை மற்றவற்றிலிருந்து எப்படிப் பிரித்து அறிவது? இரண்டே கேள்விகள். காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் தடிப்பு வந்தது? கையால் தடவிப் பார்த்தால் எப்படி இருக்கிறது?

நாள் கணக்கு

காய்ச்சல் தொடங்கிய நாளே முதல் நாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் "ஒரு மூணு நாலு நாளா இருக்குங்க" என்று பலரும் சொல்கிறோம். மூன்றுக்கும் நாலுக்கும் இங்கே நிரம்ப வித்தியாசம் உண்டு. பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று தெரிந்த அன்றே நாட்காட்டித் தாளில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். தடிப்பைப் பார்த்த அன்று இன்னொரு புள்ளி.

பழைய டாக்டர்கள் மாணவர்களுக்கு ஒரு மனப்பாடக் கணக்கு சொல்லிக் கொடுப்பார்கள். முதல் நாளில் தடிப்பு வந்தால் சின்னம்மை, இரண்டாம் நாளில் செங்காய்ச்சல், மூன்றாம் நாளில் பெரியம்மை, நாலாம் நாளில் தட்டம்மை. 1975-ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எனவே மூன்றாம் நாள் காலியாகிவிட்டது! மற்ற நாட்கள் இன்றும் செல்லும். நோய்கள் நாட்காட்டி பார்த்து வருவதில்லை, ஒரு நாள் முன்பின் இருக்கலாம். ஆனாலும் நம் கையில் உள்ள நல்ல துப்பு இதுதான்.

எல்லாவற்றுக்கும் முன் கண்ணாடி தம்ளர்

நாள் எண்ணுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அடுக்களையில் இருக்கும் கண்ணாடி தம்ளரை எடுத்து அதன் பக்கவாட்டைத் தடிப்பின் மேல் வைத்து அழுத்துங்கள். உள்ளே பாருங்கள். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தத்தில் சிவப்பு மறையும், எடுத்தால் திரும்ப வரும். இந்த ஏட்டில் சொல்லும் தடிப்புகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை.

அழுத்தியும் புள்ளி மறையவில்லை, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ அப்படியே நிற்கிறது என்றால் அது தோலுக்கு அடியில் கசிந்த இரத்தம். காய்ச்சலோடு இப்படிப்பட்ட புள்ளி ஒன்றிரண்டு கண்டாலும் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-க்குப் பேசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூளைக்காய்ச்சல் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம், டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். மாநிறமும் கறுப்புமான நம் பிள்ளைகளின் தோலில் இந்தப் புள்ளிகள் எளிதில் கண்ணில் படா. உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கீழ் இமையின் உட்புறம் ஆகிய நிறம் வெளுத்த இடங்களில் தேடுங்கள்.

இரண்டாம் நாள் தடிப்பு: ஒரு பிள்ளையின் கதை

கிராமத்துத் துணைச் சுகாதார நிலையம் ஒன்றில் தடுப்பூசி நாளன்று ஒரு தாய் என்னிடம் வந்தார். கைக்குழந்தைக்கு ஊசி போடத்தான் வந்தது. கூடவே ஏழு வயது மூத்த பெண், தலையில் துண்டு போர்த்திக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவளுக்கு என்னம்மா?"

"மணல்வாரி போட்டிருக்குங்க சார். மூணு தண்ணி ஊத்தினா இறங்கிடும்."

எத்தனை நாளாய்க் காய்ச்சல் என்று கேட்டேன். முந்தாநாள் ராத்திரி இரண்டு முறை வாந்தி எடுத்தாளாம், தொண்டை வலிக்கிறது என்று சோறு வேண்டாம் என்றாளாம், அதோடு காய்ச்சல். நேற்று மாலை கழுத்தில் பொரிந்ததாம், இன்று காலை உடம்பெல்லாம். இருமல் உண்டா? இல்லை. மூக்கில் சளி? இல்லை. கண் சிவந்து நீர் வடிந்ததா? இல்லை.

இந்த மூன்று 'இல்லை'யும்தான் என்னை நிறுத்தின. மணல்வாரி என்று நாம் சொல்கிற தட்டம்மை இருமலும் சளியும் சிவந்த கண்ணும் இல்லாமல் வராது. அதுவும் இரண்டாம் நாளிலேயே உடம்பெல்லாம் தடிப்பைக் கொண்டுவராது.

பிள்ளையின் வயிற்றின் மேல் புறங்கையால் தடவச் சொன்னேன். தாய் தடவிப் பார்த்துவிட்டு, "உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கே!" என்றார். தச்சர்கள் மரம் தேய்க்கும் அந்த உப்புத்தாளேதான். செங்காய்ச்சலின் தடிப்பைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிக் கண்டுபிடிப்பது எளிது. புத்தகங்களில் 'செக்கச்சிவந்த தோல்' என்று எழுதியிருப்பது வெள்ளைக்காரக் குழந்தையைப் பார்த்து எழுதியது. நம் பிள்ளைகளுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், சில பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும். ஆனால் சொரசொரப்பு மறையாது. ஊசிமுனை அளவு பொடிகள், நெருக்கமாக, பெரிய தோல் துளைகள் புல்லரித்ததுபோல நிற்கும். மணலை வாரி இறைத்ததுபோல் இருப்பதால்தான் மணல்வாரி என்று பெயர் வந்தது என்றால், அந்தப் பெயர் தட்டம்மையைவிட இதற்குத்தான் நன்றாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிறகு மற்ற அடையாளங்களைப் பார்த்தோம். முழங்கை மடிப்பிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் தடிப்பு மற்ற இடங்களைவிட அடர்த்தியாக, கோடு கிழித்ததுபோல் இருந்தது. கன்னம் சிவந்திருந்தது, ஆனால் வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது. நாக்கில் வெள்ளைப் படலம், அதன் ஊடே சிவப்பு முளைகள். நாலைந்தாம் நாளில் அந்த வெள்ளை உரிந்து நாக்கு முழுதும் பழம்போலச் சிவந்துவிடும். டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னால் உள்நாக்கின் இரு பக்கமும் சதை வீங்கிச் சிவந்து, வெண்புள்ளிகளோடு இருந்தது. தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறிகட்டி.

அன்றே அவளை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்பினேன். அவர் தொண்டையைப் பார்த்துச் செங்காய்ச்சல் என்றே முடிவு செய்தார். எடை 20 கிலோ. அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம், காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை, பத்து நாள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கு அது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வேறு மருந்து உண்டு. முன்பு ஏதாவது மருந்துக்கு முகம் வீங்கியிருந்தால், மூச்சுத் திணறியிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பத்து நாள் ஏன்?

மருந்து தொடங்கி ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து விளையாடத் தொடங்கினாள். நாலாம் நாள் நான் அந்தத் தெருவுக்குப் போனபோது மீதி மாத்திரைப் பட்டை அலமாரியில் பத்திரமாக இருந்தது. "சரியாயிடுச்சே சார், எதுக்கு வீணா சூடு?" என்றார் பாட்டி. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாமல் யாரும் பத்து நாள் மருந்து கொடுக்கமாட்டார்கள்.

இந்தக் காய்ச்சலும் தடிப்பும் மருந்து இல்லாவிட்டாலும் ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். மருந்து கொடுப்பது முக்கியமாக அதற்காக இல்லை. தொண்டையில் இந்தக் கிருமி நீடித்திருந்தால், அதை எதிர்க்க நம் உடம்பே தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள், சில பிள்ளைகளில் ஆள் மாறித் தன் சொந்த மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும், அது விட்டு மணிக்கட்டு வீங்கும், ஓடினால் மூச்சு வாங்கும். இதுதான் கீல்வாதக் காய்ச்சல். மூட்டுவீக்கம் போய்விடும். ஆனால் இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. இருபது வயதில் பிரசவத்துக்கு வந்து படுக்கும்போது இதயம் தாங்காமல் தவிக்கும் பெண்களில் சிலருக்கு வித்து இப்படிச் சிறுவயதுத் தொண்டைப் புண்ணில்தான் விழுந்தது.

தொண்டை நோவு தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தை ஆரம்பித்துவிட்டாலும் இதைத் தடுக்க முடியும். ஆகவே இரண்டு நாள் தாமதமாகிவிட்டதே என்று கைவிட வேண்டியதில்லை. ஆனால் தொடங்கினால் பத்து நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் போயிருக்கும், தொண்டையில் கிருமி இருக்கும். மாத்திரை கொடுப்பது நடக்காத காரியம் என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தொடையில் ஒரே ஒரு பென்சிலின் ஊசி போட்டு அந்த வேலையை முடிக்கவும் வழி உண்டு. ஊசி நன்றாகவே வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆனபின் பிள்ளையிடமிருந்து நோய் பிறருக்குத் தொற்றாது. அதுவரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், அவள் குடித்த தம்ளரில் தம்பி குடிக்க வேண்டாம்.

நாலாம் நாள் தடிப்பு: தட்டம்மை

இது வேறு நடையில் வரும். முதல் மூன்று நாள் காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும் சிவந்த கண். வெறும் சளிக்காய்ச்சல் என்று நினைத்திருப்போம். மூன்றாம் நாள் வாக்கில் கன்னத்தின் உட்புறம் பார்த்தால் உப்புக்கல் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தெரியும். நாலாம் நாளை ஒட்டிக் காதுக்குப் பின்னும் நெற்றி மயிரோரத்திலும் தடிப்பு எழும். அங்கிருந்து முகம், மார்பு, கை, கால் என்று மூன்று நாளில் மேலிருந்து கீழே இறங்கும். தடிப்பு எழும்போது காய்ச்சல் குறையாது, இன்னும் ஏறும். தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போல இராது. திட்டுத்திட்டாக, ஒன்றோடொன்று சேர்ந்து இருக்கும். மறையும்போது தோலில் கறுத்த நிறம் விட்டுப்போகும், தவிடுபோல் உரியும்.

வைரஸைக் கொல்ல இதற்கு மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது தவறு. தட்டம்மை கண்ட பிள்ளைக்கு வைட்டமின் 'ஏ' திரவம் இரண்டு நாள் அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு இரண்டு லட்சம் யூனிட், ஆறு மாதம் முதல் ஒரு வயதுவரை ஒரு லட்சம். இதைச் சுகாதார நிலையத்தில் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். கண் பார்வையையும் உயிரையும் காக்கும் மருந்து இது. பத்தியம் என்று பாலையும் முட்டையையும் நிறுத்துவது கண்ணுக்குச் செய்யும் தீங்கு. மூச்சு வேகமாய் வாங்கினால், விலா உள்ளே இழுத்தால் நிமோனியா. அன்றே ஆஸ்பத்திரி. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்கு மேல் ஒன்று என்று இரு தவணை தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்ட பிள்ளைக்கு இது வருவது அபூர்வம். அட்டையை எடுத்துப் பாருங்கள்.

அந்த ஊசி தடுக்கும் ருபெல்லா, பிள்ளைக்கு லேசான நோய்தான். ஒரு நாள் காய்ச்சல், காதுக்குப் பின் நெறி, மூன்று நாள் தடிப்பு, தீர்ந்தது. ஆனால் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அது லேசான நோய் இல்லை. வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுத்துவிடும். கர்ப்பமாக இருக்கும் அக்காவோ அண்ணியோ இப்படிப்பட்ட பிள்ளையைத் தூக்கியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் தெரிவிக்கவும்.

காய்ச்சல் விட்டதும் வரும் தடிப்பு

ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மூன்று நாள், நாலு நாள் கடும் காய்ச்சல் அடிக்கும். சளி இருமல் பெரிதாக இராது. திடீரென்று காய்ச்சல் விட்டு, அன்றைக்கே மார்பிலும் முதுகிலும் இளஞ்சிவப்பாய்ப் பூத்தாற்போல் தடிப்பு வரும். குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். இது ரோஸியோலா என்ற வைரஸ் நோய். தடிப்பு வந்தால் நோய் முடிந்தது என்று பொருள். இதில் ஒரு குழப்பம் நேரும். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் ஏதோ ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்திருப்பார்கள், நாலாம் நாள் தடிப்பு வரும், 'இந்த மருந்து பிள்ளைக்கு ஒத்துக்கலை' என்று ஆயுளுக்கும் எழுதிவைத்துவிடுவார்கள். மருந்தின் மேல் பழி, வேலை வைரஸுடையது. பின்னால் உண்மையிலேயே பென்சிலின் தேவைப்படும் அன்று அது கிடைக்காமல் போகும்.

இதே நேரத்தில் வரும் இன்னொன்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். டெங்குவிலும் நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது தடிப்பு வரும். தோல் முழுதும் சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டுகள், உள்ளங்கை உள்ளங்காலில் அரிப்பு. ரோஸியோலாக் குழந்தை சிரிக்கும், டெங்குப் பிள்ளை சோர்ந்து கிடக்கும். காய்ச்சல் விட்டதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள், டெங்குவில் ஆபத்து அந்த ஒன்றிரண்டு நாளில்தான். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, கைகால் சில்லிடுவது, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், ஆறு மணி நேரமாய்ச் சிறுநீர் இல்லாமை இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரி.

நீர்கோத்த கொப்புளம் என்றால் குழப்பம் குறைவு. முதல் நாளிலேயே வந்து, உடம்பின் நடுப்பகுதியில் அதிகமாய், பொடியும் நீர்க்கொப்புளமும் பொருக்குமாக ஒரே நேரத்தில் கலந்து தெரிந்தால் சின்னம்மை. உள்ளங்கை, பாதம், வாய்க்குள் என்று மட்டும் வந்தால் கை-கால்-வாய் நோய். இரண்டும் வைரஸ்.

எந்தத் தடிப்பானாலும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடாது. கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். கடையில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் ஒரே மாதிரி டப்பாவில் விற்கிறார்கள். மேலே சொன்ன 20 கிலோப் பிள்ளைக்கு 300 மில்லிகிராம் வேண்டும். முதல் சிரப்பில் அது 12 மில்லி, இரண்டாவதில் 6 மில்லி. லேபிளைப் படிக்காமல் போன தடவை கொடுத்த அளவையே ஊற்ற வேண்டாம். தடிப்பு எப்படி இருந்தாலும் காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால், அதிலும் உதடு வெடித்து, கண் பீளையில்லாமல் சிவந்து, கை கால் வீங்கினால், பிள்ளை டாக்டர் பார்க்க வேண்டும். கவாசாகி என்ற நோய் இதயத்தின் இரத்தக் குழாயைப் பாதிக்கும், அதற்கு நாள் தள்ளாமல் வைத்தியம் வேண்டும்.

அந்தப் பெண் பிறகு

பாட்டி மாத்திரையை மறுபடியும் தொடங்கினார். பத்து நாளும் முடிந்தது. இரண்டாம் வாரம் விரல் நுனியிலிருந்து தோல் உரியத் தொடங்கியபோது தாய் பயந்து ஓடிவந்தார். இது செங்காய்ச்சல் போகும்போது விட்டுச்செல்லும் அடையாளம், தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்று சொன்னேன். தடிப்பை யாரும் கவனிக்காத பிள்ளைக்கு, இப்படி விரல் உரிவதைப் பார்த்துத்தான் வந்துபோனது செங்காய்ச்சல் என்று பின்னால் தெரியவருவதும் உண்டு.

ஒன்று மட்டும் மருந்து முழுதும் கொடுத்தாலும் கவனிக்க வேண்டும். சிறுநீரகத்தை இந்தக் கிருமி பாதிப்பதை மாத்திரை நிச்சயமாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆகையால் நோய் வந்து மூன்று வாரம்வரை காலையில் பிள்ளை எழுந்ததும் முகத்தைப் பாருங்கள், இமை வீங்கியிருக்கிறதா என்று. சிறுநீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். கடுந்தேநீர் நிறத்தில் இருந்தாலோ, அளவு குறைந்தாலோ, மூட்டு வீங்கினாலோ அந்தக் கிண்ணத்தோடும் மருந்துச் சீட்டோடும் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அந்தத் தாய் மூன்று வாரமும் பார்த்தார். சிறுநீர் தெளிவாகவே இருந்தது.